இருபது மில்லிமீட்டருக்கு இரண்டு சாட்சிகள்

கோயம்புத்தூரில் கணபதி பக்கம் ஒரு பட்டறை. பம்பு மோட்டார்களுக்கு ஷாஃப்ட் கடைந்து, கிரைண்டிங் முடித்து, கம்பெனிகளுக்கு அனுப்புவது அங்கே வேலை. ஐ.டி.ஐ.யில் டர்னர் படிப்பை முடித்து அப்ரெண்டிஸாகச் சேர்ந்த ஒரு பையனை, கொஞ்ச காலம் லேத்தில் நிறுத்திய பிறகு, இன்ஸ்பெக்‌ஷன் மேசைக்கு மாற்றினார்கள். கிரைண்டிங்கிலிருந்து வரும் ஷாஃப்டைத் துடைத்து, பேரிங் உட்காரும் இடத்தை மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். அளவு சரியென்றால் பச்சைத் தட்டு, இல்லையென்றால் சிவப்புத் தட்டு. பட்டறையும் பையனும் இந்தக் கட்டுரைக்காக நான் உண்டாக்கியவர்கள். அந்த மேசையில் அவர்களுக்கு வந்த சிக்கல் உண்மையானது. இரும்பை அளந்து விற்கும் எந்த ஊரிலும் அது வரும்.

மேசையில் இரண்டு மைக்ரோமீட்டர்கள் இருந்தன. ஒன்று பட்டறை தொடங்கிய காலத்துப் பழையது. எண்ணெயும் கையும் பட்டுக் கறுத்துப்போனது. இன்னொன்று புதிது. பையன் புதியதை எடுத்து ஒரு ஷாஃப்டை அளந்தான். 20.018 காட்டியது. சிவப்புத் தட்டில் போட்டான். கிரைண்டிங் ஆபரேட்டர் அதைப் பார்த்துவிட்டு வந்து, பழைய மைக்ரோமீட்டரால் அதே இடத்தை அளந்து காட்டினார். 20.011.

“நல்ல ஜாப்பைத் தூக்கி ரிஜெக்ட்ல போட்டிருக்கியே, தம்பி. எனக்கல்ல கெட்ட பேரு?”

பையன் மறுபடி புதியதில் அளந்தான். 20.018. பழையதில் அளந்தான். 20.011. எத்தனை தடவை அளந்தாலும் இரண்டும் தத்தம் பேச்சை மாற்றவில்லை.

இந்த ஏழு மைக்ரான் சண்டை எதற்காக என்று சொல்லிவிட வேண்டும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி ஒன்றின் தடிமனே சுமார் எழுபது மைக்ரான் இருக்கும். இந்த ஷாஃப்டின்மேல் ஏறுவது 6204 என்ற எண்ணுள்ள பேரிங். அதன் உள்துளை 20 மி.மீ. பேரிங் ஷாஃப்டைக் கவ்விப் பிடிக்க வேண்டும் என்பதால் ஷாஃப்ட் துளையைவிட மயிரிழை பெரிதாக இருக்க வேண்டும். வரைபடத்தில் கே-6 என்று குறித்திருந்தார்கள். அதன்படி இந்த இடம் 20.002-க்குக் குறையவும் கூடாது, 20.015-ஐத் தாண்டவும் கூடாது. சிறுத்துப்போனால் பேரிங்கின் உள்வளையம் ஷாஃப்டின்மேல் வழுக்கிச் சுற்றி, உட்காரும் இடத்தையே தேய்த்துவிடும். பெருத்துப்போனால் உள்வளையம் விரிந்து, குண்டுகளுக்கு விட்டிருக்கும் இடைவெளியைத் தின்றுவிடும். அப்படிப்பட்ட மோட்டார் சத்தம் போடும், சூடாகும், பேரிங் சீக்கிரமே போகும். ஆக, அனுமதிக்கப்பட்ட வாசலின் அகலம் பதின்மூன்று மைக்ரான். அதில் பாதிக்கு மேல் இரண்டு கருவிகளின் சண்டையே எடுத்துக்கொண்டால், மிச்சத்தில் ஆபரேட்டர் எங்கே வேலை செய்வார்?

மைக்ரோமீட்டரின் சூட்சுமம் ஒரு திருகுதான். லாட வடிவச் சட்டத்தின் ஒரு முனையில் அசையாத முகம் ஒன்று இருக்கிறது; அதை ஆன்வில் என்பார்கள். எதிரே திருகோடு சேர்ந்த ஸ்பிண்டில். திருகு ஒரு முழுச் சுற்று சுற்றினால் ஸ்பிண்டில் அரை மில்லிமீட்டர் நகரும். சுற்றும் உருளையில், அதாவது திம்பிளில், ஐம்பது கோடுகள். ஒரு கோடு நகர்ந்தால் 0.01 மி.மீ. அதையும் பத்தாகப் பிரித்துப் படிக்க ஸ்லீவில் வெர்னியர் கோடுகள். கண்ணுக்குத் தெரியாத நகர்வைத் திருகு பெரிய சுற்றாக மாற்றிக் காட்டுகிறது. இந்த அமைப்பில் தப்பு நுழைய நான்கைந்து வாசல்கள் உண்டு. முகத்தில் தூசி இருக்கலாம். பூஜ்ஜியம் நகர்ந்திருக்கலாம். இறுக்கிய விதம் மாறியிருக்கலாம். சூடு இருக்கலாம். திருகோ முகமோ தேய்ந்திருக்கலாம்.

ஐ.டி.ஐ.யில் படித்த வரிசையிலேயே பையன் தேடினான். இரண்டின் முகங்களையும் சுத்தமான துணியால் துடைத்தான். வெள்ளைத் தாள் ஒன்றை முகங்களுக்கு நடுவே லேசாகப் பிடித்து இழுத்தான். ஒட்டியிருந்த எண்ணெய்ப் படலம் தாளோடு வந்துவிட்டது. முகத்தோடு முகம் மூடிப் பார்த்தான். இரண்டும் சரியாகப் பூஜ்ஜியம். பிறகு கடைசியில் இருக்கும் ராட்செட்டைப் பிடித்தே, மூன்று ‘கடக்’ சத்தம் வரும்வரை சுற்றினான். திம்பிளைப் பிடித்து நேராக இறுக்கினால் சட்டமே கொஞ்சம் விரிந்துகொடுத்து அளவு குறைந்து தெரியும். ஒவ்வொருவர் கைக்கும் ஓர் அளவு வரும். எல்லோர் கையும் ஒரே அழுத்தம் தரத்தான் ராட்செட். அதன் பிறகும் வித்தியாசம் ஏழு மைக்ரான்தான்.

அடுத்து சூட்டின்மேல் சந்தேகம். எஃகு ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் பதினொன்றரை மைக்ரான் நீளும். 20 மி.மீ. ஷாஃப்ட் பத்து டிகிரி சூடாக இருந்தால் இரண்டே கால் மைக்ரான் பெருத்துக் காட்டும். ஷாஃப்டையும் இரண்டு மைக்ரோமீட்டர்களையும் கிரானைட் மேசைத்தட்டின்மேல் ஒன்றாக வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து அளந்தான். இரண்டு அளவும் ஒரு மைக்ரான் இறங்கியிருந்தன. இரண்டும் சேர்ந்தே இறங்கியதால் சண்டை அப்படியே இருந்தது. சூடு காரணம் இல்லை.

அப்போது எல்லோருக்கும் தோன்றும் யோசனை அவனுக்கும் தோன்றியது. பக்கத்து லேத்காரரிடம் மூன்றாவது மைக்ரோமீட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தான். அது 20.015 என்றது. வாசல்படியின் சரியான விளிம்பு!

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மூன்றாவது கருவியும் 20.011 என்று சொல்லியிருந்தால் பையன் என்ன செய்திருப்பான்? இரண்டுக்கு ஒன்று என்று பழையதை நம்பியிருப்பான். ஆனால் அந்த மூன்றும் ஒரே கையில், ஒரே வகை வேலையில், ஒரே மாதிரி தேய்ந்த கருவிகளாக இருந்தால், மூன்றும் சேர்ந்து ஒரே தப்பைச் சொல்லும். அளவில் பெரும்பான்மைக்கு மதிப்பு இல்லை. இருபது மில்லிமீட்டர் எவ்வளவு என்பதைக் கருவிகளிடமே கேட்டுக்கொண்டிருந்தால் பதில் கிடைக்காது. கருவியாக இல்லாத ஒரு பொருள் வேண்டும். அதற்குத் திருகு இருக்கக் கூடாது, கோடு இருக்கக் கூடாது, படிப்பவரின் கண்ணும் கையும் அதன் அளவை மாற்ற முடியக் கூடாது. ‘நான் இவ்வளவு’ என்பதைத் தவிர அதற்கு வேறு பேச்சே இருக்கக் கூடாது.

விஷயம் போர்மேனிடம் போனது. அறுபதை நெருங்கும் மனிதர். ஷாஃப்டைத் தொடவே இல்லை. பீரோவைத் திறந்து ஒரு மரப்பெட்டியை எடுத்து வந்தார். உள்ளே வரிசையாக எஃகுத் துண்டுகள், கண்ணாடிபோல் மின்னிக்கொண்டு. ஸ்லிப் கேஜ்.

“கையக் கழுவிட்டு வா, கண்ணு. வேர்வை பட்டா துருப் பிடிச்சுக்கும்.”

ஸ்லிப் கேஜ் பிறந்த கதை சுவையானது. ஸ்வீடன் நாட்டில் எஸ்கில்ஸ்டூனா என்ற ஊரின் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் கார்ல் எட்வர்ட் யோஹான்சன். துப்பாக்கியின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனி கேஜ் செய்து வைத்த காலம் அது. ஆயிரக்கணக்கான கேஜ்கள் சேரும். ஒன்று தேய்ந்தால் மறுபடி செய்ய வேண்டும். 1896-இல் அவருக்கு ஒரு யோசனை வந்தது. சரியான அளவுகளைத் தேர்ந்தெடுத்துக் கொஞ்சம் துண்டுகள் செய்தால், அவற்றை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி எந்த அளவையும் உண்டாக்கிக்கொள்ளலாமே? 102 துண்டுகளை வைத்து, 1 மி.மீ. முதல் 201 மி.மீ. வரை நூறில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் ஏறத்தாழ 20,000 அளவுகளை உண்டாக்கலாம் என்று கணக்குப் போட்டார். மனைவியின் தையல் இயந்திரத்தை மாற்றியமைத்து, வீட்டிலேயே துண்டுகளைத் தேய்த்து மெருகேற்றினார்.

துண்டுகளை அடுக்கினால் நடுவில் காற்று இடைவெளி வந்து அளவைக் கெடுக்காதா என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் அந்த மெருகின் பெருமை இருக்கிறது. முகங்கள் அவ்வளவு தட்டையாக இருப்பதால், ஒன்றின்மேல் ஒன்றை அழுத்தி வழுக்கித் திருப்பினால் இரண்டும் பசை இல்லாமலே ஒட்டிக்கொள்ளும். தூக்கினால் கீழே விழாது. இடையில் மிஞ்சுவது மைக்ரானிலும் சிறு பங்கான ஒரு திரவப் படலம்தான். நம் ஊர்ப் பட்டறைகளில் அதிகம் புழங்குவது 87 துண்டுப் பெட்டி. அதிலிருந்து 1.005, 1.01, 8, 10 ஆகிய நான்கை ஒட்டினால் 20.015. பையனின் வாசல்படி கையில் பொருளாகவே வந்துவிடும்.

போர்மேன் 20 மி.மீ. துண்டு ஒன்றை எடுத்து இரண்டு மைக்ரோமீட்டரிலும் வைத்தார். புதியது 20.000. பழையதும் 20.000. பையன் எதிர்பார்த்தது இது இல்லை. ஒன்று நிச்சயம் பொய்யென்று தெரியவரும் என்றுதான் நினைத்திருந்தான். இரண்டும் சேர்ந்து உண்மை சொல்லின.

போர்மேன் விடவில்லை. 5.1, 7.7, 10.3, 12.9 என்று விநோதமான அளவுகளாக அடுக்கி வைத்துப் பார்த்தார். “ஏனுங்ணா, நேரா அஞ்சு, பத்து, பதினஞ்சுன்னு வெக்கக் கூடாதுங்களா?” என்று கேட்டான் பையன். முழு எண்ணாக வைத்தால் திம்பிள் ஒவ்வொரு தடவையும் பூஜ்ஜியக் கோட்டிலேயே வந்து நிற்கும். திருகு ஒரு சுற்றுக்குள் ஏறி இறங்கும் கோணல் உடையதாக இருந்தால், அந்தக் கோணல் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளும். 5.1-இல் திம்பிள் பத்தாம் கோட்டில் நிற்கும், 7.7-இல் இருபதில், 10.3-இல் முப்பதில், 12.9-இல் நாற்பதில். சுற்றின் எல்லாப் பக்கமும் சோதனைக்கு வந்துவிடும். பழைய மைக்ரோமீட்டர் அத்தனையிலும் ஒன்றிரண்டு மைக்ரானுக்குள் தேறியது. இந்த வகைக் கருவிக்கு நாலு மைக்ரான் பிசகு வரை மன்னிப்பு உண்டு என்பது பழக்கத்தில் உள்ள வரம்பு. திருகு நல்ல திருகு.

பல பட்டறைகளில் சோதனை இத்தோடு முடிந்துவிடும். ‘ஸ்லிப் கேஜில் சரியாகக் காட்டுகிறது, கருவி நல்லது’ என்று எழுதிப் பெட்டியை மூடிவிடுவார்கள். இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது இதற்கு அப்புறம் வருவதுதான்.

“ஸ்லிப் கேஜு தட்டை. நாம அளக்கறது உருண்டை,” என்றார் போர்மேன். பெட்டிக்குப் பக்கத்திலிருந்து இன்னொரு சின்ன டப்பாவை எடுத்தார். உள்ளே பஞ்சில் சுற்றிய உருளை, ஒரு மாஸ்டர் பின். அதன் அட்டையில் 20.001 என்று எழுதியிருந்தது. ஷாஃப்டைப் பிடிப்பது போலவே அதைப் பிடித்து அளக்கச் சொன்னார். புதியது 20.001. பழையது 19.994.

அதே ஏழு மைக்ரான்!

பிறகு அவர் செய்தது பையனை அசத்திவிட்டது. பின் குட்டையாக இருந்ததால், அதைக் கால் சுற்று திருப்பி, சட்டத்தின் வளைவுக்குள் நீட்டியபடி குறுக்காக வைத்து அளக்கச் சொன்னார். பழைய மைக்ரோமீட்டர் இப்போது 20.001 காட்டியது. பொருள் அதே, கருவி அதே, கை அதே; வைத்த திசை மட்டும் மாறியது, தப்பு காணாமல் போனது.

ஆன்விலை வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பார்த்தால் தெரியும் என்றார். தெரிந்தது. அசையாத அந்த முகத்தின் நடுவில், ஷாஃப்ட் கிடக்கும் திசையிலேயே, மிக ஆழம் குறைந்த ஒரு வாய்க்கால். வருஷக்கணக்காக ஒரே திசையில் ஷாஃப்ட்களை வைத்து வைத்து எடுத்ததில் உண்டானது. எஃகு மட்டும் உரசியிருந்தால் இவ்வளவு தேய்ந்திருக்காது. கிரைண்டிங் கல்லிலிருந்து உதிரும் துகள் எஃகைவிடக் கடினமானது. சரியாகத் துடைக்காத ஷாஃப்டில் ஒட்டியிருக்கும் அந்தத் துகள்தான் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டியது. பழைய கருவியின் முகம் வெறும் எஃகு. புதியதின் முகத்தில் கார்பைடு பதித்திருந்ததால் அது தப்பித்தது. எதிர்முகமான ஸ்பிண்டில் சுற்றிக்கொண்டே வருவதால் அதில் வாய்க்கால் விழ வழியில்லை.

முடிச்சு முழுக்க அவிழ்ந்தது. முகத்தோடு முகம் மூடும்போது வாய்க்காலின் இரு கரைகள் தொடுகின்றன, அதனால் பூஜ்ஜியம் சரி. தட்டையான ஸ்லிப் கேஜ் வாய்க்காலுக்குப் பாலமாகக் கரைகளின்மேல் உட்காருகிறது, அதனால் அதுவும் சரி. உருண்டை ஷாஃப்ட் மட்டும் வாய்க்காலுக்குள் இறங்கிவிடுகிறது, அதனால் ஏழு மைக்ரான் குறைவு. குறுக்காக வைத்த பின் இரண்டு கரைகளையும் தொட்டுக்கொண்டு படுப்பதால் மறுபடி சரி. தேர்ந்த மெக்கானிக்குகள் மைக்ரோமீட்டரை ஸ்லிப் கேஜால் மட்டும் சோதிக்காமல், முகத்தின் தட்டைத்தன்மையையும் ஆப்டிகல் ஃபிளாட் என்ற கண்ணாடி வில்லையால் பார்ப்பது இதற்காகத்தான். அந்த வில்லையை முகத்தில் வைத்து ஒரே நிற ஒளியில் பார்த்தால் வரிவரியாகப் பட்டைகள் தெரியும். ஒரு பட்டைக்கும் அடுத்ததற்கும் நடுவே உயர வித்தியாசம் சுமார் 0.3 மைக்ரான். நல்ல முகத்தில் ஒன்றிரண்டு பட்டை இருக்கும். ஏழு மைக்ரான் பள்ளத்தில் பட்டைகள் எண்ண முடியாமல் நெருங்கிக் கிடக்கும்.

பையனிடம் இன்னும் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. நல்ல கேள்வி அது.

“அந்தப் பின்னு 20.001-னு எப்படிங்ணா நம்பறது? அட்டைல எழுதியிருக்குது, அவ்வளவுதானுங்களே?”

போர்மேன் டப்பாவின் அடியிலிருந்து மடித்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். சான்றிதழ். பின்னின் எண், அளந்த தேதி, அளந்தபோது அறையின் வெப்பம், கிடைத்த அளவு, அந்த அளவில் எவ்வளவு நிச்சயமின்மை இருக்கலாம் என்ற எண், எந்த மாஸ்டரோடு ஒப்பிட்டார்கள் என்ற குறிப்பு எல்லாம் இருந்தன. என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஒரு சோதனைக்கூடம் கொடுத்தது. அந்தக் கூடத்தின் மாஸ்டர்களுக்கு அவர்களைவிட மேலான ஒரு கூடத்தின் சான்று இருக்கும். அப்படியே ஏறிக்கொண்டு போனால், இந்தியாவில் நீளத்துக்குப் பொறுப்பேற்றிருக்கும் புது தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் போய் நிற்கும். அங்கே மேல்தரத் துண்டுகளை இன்னோர் எஃகுத் துண்டோடு ஒப்பிடுவதோடு நிறுத்துவதில்லை. லேசர் ஒளியின் அலைநீளத்தை அளவுகோலாக வைத்து அளக்கிறார்கள்.

ஏன் ஒளி? ஒரு காலத்தில் மீட்டர் என்பதே ஒரு கட்டைதான். பாரிஸ் அருகே செவ்ர் என்ற இடத்தில் பாதுகாத்த பிளாட்டினம்-இரிடியம் சட்டத்தில் பொறித்த இரண்டு கோடுகளுக்கு நடுவிலுள்ள தூரம்தான் 1889 முதல் உலகத்தின் மீட்டர். பையனின் கேள்வியை அந்தச் சட்டத்திடமும் கேட்கலாம்: அது சரியென்று எப்படி நம்புவது? அது மாறினாலும் கண்டுபிடிக்க அதற்கு மேலே எதுவும் இல்லை. 1960-இல் அந்தப் பொறுப்பைக் கிரிப்டான் வாயுவின் ஒளியலைக்குக் கொடுத்தார்கள். 1983 முதல், வெற்றிடத்தில் ஒளி ஒரு வினாடியின் 29,97,92,458-இல் ஒரு பங்கு நேரத்தில் போகும் தூரமே மீட்டர். ஒளிக்குத் தேய்மானம் இல்லை, துருவில்லை, எந்த ஊரிலும் அதை உண்டாக்கிக்கொள்ளலாம். கணபதியிலுள்ள பட்டறையின் பின் அந்த வரையறைக்கு எத்தனை படி கீழே இருக்கிறது என்பதை அதன் சான்றிதழ் சொல்கிறது. ஒவ்வொரு படி இறங்கும்போதும் நிச்சயமின்மை கொஞ்சம் கூடும். அதனால்தான் எந்தக் கருவியைச் சோதிக்கிறோமோ அதைவிடக் குறைந்தது நான்கு மடங்காவது நம்பகமான மாஸ்டரை வைத்துச் சோதிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்கிறார்கள். பின்னின் நிச்சயமின்மை ஒரு மைக்ரானுக்குள் இருந்ததால், ஏழு மைக்ரான் வழக்கில் அதன் சாட்சியம் செல்லும். அரை மைக்ரான் வழக்கென்றால் செல்லாது.

சான்றிதழில் வெப்பம் எழுதியிருப்பதும் சம்பிரதாயத்துக்காக இல்லை. பொருளின் அளவு என்று நாம் சொல்வதெல்லாம் 20 டிகிரி வெப்பத்தில் அதற்கு இருக்கும் அளவு. முன்பு நாட்டுக்கு நாடு இது வேறாக இருந்தது. 1931-இல் சர்வதேச அளவைக் குழு 20 டிகிரியை எல்லோருக்கும் பொதுவாக்கியது. கோவையில் சித்திரை வெயிலில் பட்டறைக்குள் 35 டிகிரி இருந்தாலும் எஃகு ஷாஃப்டை எஃகுப் பின்னோடு ஒப்பிடுவதில் மோசமில்லை, இரண்டும் ஒரே விகிதத்தில் விரிந்திருக்கும். அலுமினிய ஜாப்பென்றால் கதை வேறு. அது எஃகைவிட இரு மடங்கு விரியும். இருபது மில்லிமீட்டருக்குள் அந்தப் பதினைந்து டிகிரி, மூன்று மைக்ரானுக்கு மேல் பொய் சொல்ல வைக்கும்.

பழைய மைக்ரோமீட்டருக்கும் ஒரு சான்றிதழ் இருந்தது. எட்டு மாதம் முன்பு எடுத்தது; ‘ஏற்கத்தக்கது’ என்று முத்திரையும் இருந்தது. பையன் அதை வரிவரியாகப் படித்தான். ஸ்லிப் கேஜ் அளவுகள் பத்து, எல்லாம் சரி. முகத் தட்டைத்தன்மை என்ற கட்டத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார்கள். அந்தச் சோதனையை யாரும் கேட்கவில்லை, அதனால் செய்யவும் இல்லை. முத்திரையைப் பார்த்துத் தாளை மடித்து வைப்பது எல்லாப் பட்டறையிலும் உள்ள வழக்கம். எதைச் சோதித்தார்கள், எதை விட்டார்கள் என்று படிப்பவர்கள் குறைவு. என்னைக் கேட்டால், ஒரு பட்டறையின் தரத்தை அங்கே எத்தனை சான்றிதழ் தொங்குகிறது என்பதைவிட, அவற்றில் ஒன்றையாவது யாராவது கடைசிவரி வரை படித்திருக்கிறார்களா என்பதை வைத்தே சொல்லிவிடலாம்.

இதற்குள் கிரைண்டிங் ஆபரேட்டரும் வந்து நின்றார். சிவப்புத் தட்டிலிருந்த ஷாஃப்ட் உண்மையிலேயே 20.018 என்று ஒத்துக்கொண்டார். போர்மேனின் கண் அந்தத் தட்டில் இல்லை. பச்சைத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய கருவி ஏழு மைக்ரான் குறைத்துக் காட்டுகிறது என்றால், அது 20.015 என்று தேற்றியது உண்மையில் 20.022 வரை இருக்கலாம். ‘பேரிங் ரொம்ப இறுக்கமா ஏறுது’ என்று பம்பு கம்பெனியிலிருந்து ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். பேரிங் சரக்கு சரியில்லை என்று இங்கே பதில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

ரிஜிஸ்டரைப் புரட்டினார்கள். தேதி, ஷிப்ட், ஷாஃப்ட் எண், அளவு எல்லாம் இருந்தன. எந்த மைக்ரோமீட்டரால் அளந்தது என்ற கட்டம் மட்டும் இல்லை. அந்த ஒரு கட்டம் இருந்திருந்தால் பாதி ஷாஃப்ட்களை விட்டுவிடலாம். இல்லாததால் கையிலிருந்த அத்தனையையும் மறுபடி அளக்க வேண்டியதாயிற்று. ஒரு கருவி தப்பென்று தெரிந்தால், அது கடைசியாகச் சரியென்று நிரூபணமான நாளிலிருந்து அது தொட்ட எல்லாமே சந்தேகத்துக்கு உரியவை. உருண்டையான மாஸ்டரோடு அதைக் கடைசியாக ஒப்பிட்டது எப்போது என்று யாருக்கும் நினைவில்லை. சோதனைகளுக்கு நடுவே எவ்வளவு நாள் விடலாம் என்ற கேள்விக்கு நான் அறிந்தவரை நேர்மையான பதில் இதுதான்: சந்தேகம் வந்தால் எத்தனை நாள் சரக்கைத் திருப்பி அளக்க உங்களால் முடியுமோ, அத்தனை நாள்.

மறுபடி அளக்கும் வேலையை மைக்ரோமீட்டரில் செய்ய வேண்டாம் என்றார் போர்மேன். பதின்மூன்று மைக்ரான் வாசலுக்கு நாலு மைக்ரான் பிசகக்கூடிய கருவியே முதலில் பொருத்தம் இல்லை. புதியதும் இதற்கு விலக்கல்ல. டயல் ஸ்னாப் கேஜ் ஒன்றை வரவழைத்தார். அதற்கு இருபது மில்லிமீட்டர் எவ்வளவு என்று தெரியாது, தெரியவும் வேண்டாம். மாஸ்டர் பின்னை அதன் வாயில் வைத்து முள்ளை ‘1’ என்ற கோட்டில் நிறுத்திவிட்டால், அதன் பிறகு வரும் ஒவ்வொரு ஷாஃப்டும் பின்னைவிட எத்தனை மைக்ரான் கூட, எத்தனை குறைவு என்பதை மட்டும் காட்டும். முள் 2-க்கும் 15-க்கும் நடுவே நின்றால் பச்சைத் தட்டு. பின்னும் உருண்டை, ஷாஃப்டும் உருண்டை, இரண்டும் ஒரே இடத்தைத் தொடுகின்றன. கருவியின் முகத்தில் தேய்மானம் இருந்தாலும் இரண்டுக்கும் ஒன்றுபோலவே இருக்கும்.

பையன் அன்றும் மறுநாளும் அளந்தான். அரை மணிக்கு ஒருமுறை பின்னை வைத்து முள் நகர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான். பச்சைத் தட்டிலிருந்து பல ஷாஃப்ட்கள் சிவப்புக்குப் போயின. எல்லாமே பெருத்தவை என்பதால் ஒன்றும் வீணாகவில்லை. மறுபடி கிரைண்டிங்கில் ஏற்றிச் சில மைக்ரான் எடுத்தால் போதும். பழைய கருவி கூட்டிக் காட்டியிருந்தால் சிறுத்த ஷாஃப்ட்களாகக் குவிந்திருக்கும், அவற்றுக்கு இரும்புக்கடைதான் கதி.

பழைய மைக்ரோமீட்டரின் முகத்தை லேப்பிங் செய்து சமப்படுத்த ரிப்பேர்காரரிடம் அனுப்பினார்கள்; திரும்பி வரும்போது தட்டைத்தன்மைக் கட்டமும் நிரம்பியிருக்க வேண்டும் என்று சலானிலேயே எழுதினார் போர்மேன். ரிஜிஸ்டரில் கருவி எண்ணுக்கு ஒரு கட்டம் கோடு போட்டான் பையன். போர்மேன் பம்பு கம்பெனிக்குப் போன் போட்டு, தப்பு பேரிங்கில் இல்லை, எங்கள் ஷாஃப்டில்தான் என்று சொல்லி, இன்னும் பேரிங் ஏற்றாத ஷாஃப்ட்களைத் திருப்பி அனுப்பச் சொன்னார்; ஏற்றி முடித்த மோட்டார்களில் எவை சூடாகின்றன என்ற பட்டியலையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.